பட்டையைப் புரட்டும் இடம்: தனி, தொடர், கலவை வாக்கியங்களை வண்ணப் பட்டைகளால் கற்பிக்க

முதல் தடவை நான் வண்ணப் பட்டை வெட்டியது ஏற்காட்டில், ஏழாம் வகுப்புக்கு. ஆங்கிலப் பாடம் எடுக்கும் நண்பர் ஒருவர் அப்போது பட்டைகளை வைத்து நன்றாக நடத்திக்கொண்டிருந்தார். வாக்கியத்துக்கு ஒரு நிறம், இணைப்புச் சொல்லுக்கு வேறு நிறம், இரண்டையும் சேர்த்தால் முடிந்தது. அதையே தமிழுக்கும் செய்துவிடலாம் என்று நினைத்து, 'மழை பெய்த' என்று ஒரு பட்டையிலும் 'தால்' என்று இன்னொரு துண்டிலும் எழுதிக்கொண்டு போனேன். முன் பெஞ்சில் இருந்த பெண் அந்தத் துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அய்யா, தால்னா என்ன அய்யா?" என்று கேட்டாள். பதில் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு சொல்லே தமிழில் கிடையாது.

புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆங்கிலத்தில் காரணம், காலம், நிபந்தனை எல்லாவற்றுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. அதைத் தனி அட்டையில் எழுதி வாக்கியத்துக்கு முன்னால் வைத்துவிடலாம். தமிழில் அந்த வேலையைப் பெரும்பாலும் வினைச்சொல்லின் வால் செய்கிறது. பெய்தது, பெய்ததால், பெய்தால், பெய்தும், பெய்தபோது என்று வால் மாறும்போது வாக்கியத்தின் தன்மையே மாறிவிடுகிறது. வாலை மட்டும் கத்தரிக்கப் போனால் 'து' வரும் இடத்தில் 'தா' வந்து நிற்கும், எழுத்தே பாதியில் அறுந்துபோகும். ஆகவே தமிழுக்குப் பட்டை செய்யும்போது வினைச்சொல்லை முழுதாக வெட்டி எடுங்கள். எழுத்துக்கு நடுவில் கத்தரி போகக் கூடாது.

என்னென்ன வாங்க வேண்டும்

36 பேர் உள்ள வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் கொண்ட ஆறு குழு. நீல சார்ட் மூன்று, மஞ்சள் சார்ட் மூன்று, வெள்ளை ஒன்று போதும். கடையில் கிடைக்கும் சார்ட் பெரும்பாலும் 28 அங்குல நீளம், 22 அங்குல அகலம் இருக்கும். கரும்பலகையில் ஒட்டிக் காட்ட 28 அங்குல நீளமும் 3 அங்குல அகலமுமாக வெட்டினால் ஒரு சார்ட்டில் ஏழு பட்டை வரும். குழுக்களுக்கு அவ்வளவு நீளம் வேண்டாம், பெஞ்சில் இடம் இருக்காது. 14 அங்குல நீளம், 2 அங்குல அகலம் என்று வெட்டினால் ஒரு சார்ட்டில் 22 பட்டை. நீலத்தில் ஒன்றும் மஞ்சளில் ஒன்றும் கரும்பலகைக்கு, மீதி குழுக்களுக்கு.

நீலம் தன் காலில் நிற்கும் வாக்கியம். மஞ்சள் இன்னொன்றின் மேல் சாய்ந்து நிற்கும் வாக்கியம், அதாவது சார்பு வாக்கியம். வெள்ளை ஆனால், எனவே, ஆகையால், மேலும் போன்ற தனிச் சொற்களுக்கு. மூன்று நிறத்துக்கு மேல் போகாதீர்கள். எழுவாய்க்கு ஒரு நிறம், செயப்படுபொருளுக்கு ஒரு நிறம் என்று சேர்த்துக்கொண்டே போனால் பிள்ளைகள் நிறத்தை மனப்பாடம் செய்வார்கள், வாக்கியத்தைப் பார்க்க மாட்டார்கள். சிவப்பும் பச்சையும் ஜோடியாக வேண்டாம், சில பையன்களுக்கு அவை இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். நீலம், மஞ்சளில் அந்தத் தொல்லை மிகக் குறைவு. இருந்தாலும் மஞ்சள் பட்டையின் வலது மேல் மூலையைச் சாய்வாக வெட்டிவிடுகிறேன், கையால் தடவினாலே எது என்று தெரியும்.

ஒவ்வொரு குழுவுக்கும் ஆறு நீலப் பட்டை. அதில் மூன்றின் முதுகில் மஞ்சள் பட்டையை ஒட்டி, ஒருபுறம் நீலம் மறுபுறம் மஞ்சள் என்று இரட்டைப் பட்டை ஆக்கிவிடுங்கள். ஏற்காட்டில் பசை வைத்து ஒட்டினேன். மூடுபனிக் காலத்தில் இரண்டே வாரத்தில் அப்பளம்போல வளைந்து பிரிந்துவந்தது. இப்போது இரண்டு ஓரத்திலும் ஸ்டேப்ளர் பின் அடிக்கிறேன். ஸ்கெட்ச் பேனாவும் ஈரத்தில் கசியும், பர்மனென்ட் மார்க்கர் நல்லது. சேலத்தில் கீழே இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

முதல் பாடவேளை: நீலம் மட்டும்

மஞ்சளை வெளியே எடுக்கவே வேண்டாம். ஒரு நீலப் பட்டையில் ஒரு வாக்கியம், கடைசியில் முற்றுப்புள்ளி. நான் வைத்திருக்கும் வாக்கியங்கள் இவை:

மூடுபனி இறங்கியது.
பேருந்து மெதுவாக ஏறியது.
பாட்டி சந்தைக்குப் போனார்.
ஆரஞ்சு வாங்கினார்.
மிளகுக் கொடியும் காபிச் செடியும் நனைந்தன.
எங்கள் ஊர் ஏற்காடு.

கடைசி இரண்டையும் வேண்டுமென்றே வைத்திருக்கிறேன். 'மிளகுக் கொடியும் காபிச் செடியும்' என்று பார்த்ததும் பாதி வகுப்பு இரண்டு வாக்கியம் என்று சொல்லும். எழுவாய் இரண்டு, பயனிலை ஒன்றுதான், ஆகவே அது தனி வாக்கியம். 'எங்கள் ஊர் ஏற்காடு' என்பதில் வினையே இல்லை, ஏற்காடு என்ற பெயரே பயனிலை. 'வினையை எண்ணு' என்று சொல்லிக்கொடுத்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். முதல் நாளிலிருந்தே 'பயனிலையை எண்ணு' என்று சொல்லிப் பழக்குங்கள்.

சோதனை எளிது. பட்டையைக் கையில் வைத்திருக்கும் பிள்ளை எழுந்து நின்று சத்தமாகப் படித்துவிட்டு உட்கார வேண்டும். மற்றவர்கள் "அப்புறம்?" என்று கேட்கத் தோன்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தோன்றவில்லை என்றால் நீலம். இந்த "அப்புறம்?" என்ற கேள்வியை விட்டுவிடாதீர்கள், மூன்றாம் நாள் முழுக்க அதை வைத்துத்தான் ஓடும்.

இரண்டாம் பாடவேளை: நீலமும் நீலமும்

தொடர் வாக்கியத்துக்குப் பள்ளி இலக்கணம் சொல்லும் வரையறை, ஓர் எழுவாய் பல பயனிலைகளைப் பெற்று வருவது. சில புத்தகங்களில் வாக்கியம் என்பதற்குப் பதில் தொடர் என்றே இருக்கும். தனிநிலைத் தொடர், தொடர்நிலைத் தொடர், கலவைத் தொடர் என்று பெயர் வரும்போது பிள்ளைகளுக்கு இரண்டு 'தொடர்' குழப்பும். உங்கள் புத்தகத்தில் எது இருக்கிறதோ அதையே பட்டைப் பெட்டியின் மேல் எழுதி ஒட்டிவிடுங்கள்.

பாட்டியின் இரண்டு பட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். 'பாட்டி சந்தைக்குப் போனார். ஆரஞ்சு வாங்கினார்.' இரண்டாவது பட்டையில் யார் வாங்கினார் என்று எழுதவில்லை. அதன் தொடக்கத்தில் புள்ளிக் கோட்டால் ஒரு காலிப் பெட்டி வரைந்து வைத்திருப்பேன். அதில் யார் இருக்கிறார் என்று கேட்டால் எல்லோரும் "பாட்டி" என்பார்கள். ஓர் எழுவாய், இரண்டு பயனிலை. வரையறை அவர்கள் வாயாலேயே வந்துவிடும்.

இனி நடுவில் வெள்ளை அட்டை. 'எனவே' வைத்தால் 'பாட்டி சந்தைக்குப் போனார். எனவே ஆரஞ்சு வாங்கினார்' என்று வரும். கேட்கக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். 'ஆனால்' வைத்தால் இரண்டாவது பட்டை 'ஆரஞ்சு வாங்கவில்லை' என்று மாற வேண்டும், அதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். அதற்காகப் பட்டையின் பின்புறத்தில் எதிர்மறையை எழுதி வைத்திருப்பது நல்லது. 'மேலும்' அட்டையை மட்டும் குழுவுக்கு ஒன்றுக்கு மேல் கொடுக்காதீர்கள். கொடுத்தால் எல்லாவற்றையும் அதை வைத்தே ஒட்டிவிடுவார்கள்.

வெள்ளையை எடுத்துவிட்டாலும் இரண்டு நீலமும் நிற்க வேண்டும். அதுதான் தொடர் வாக்கியத்தின் சோதனை. 'மூடுபனி இறங்கியது, எனவே பேருந்து மெதுவாக ஏறியது' என்று ஒரு குழு வைத்தால் தவறு என்று சொல்லிவிட வேண்டாம், இரண்டும் நிற்கத்தான் செய்கின்றன. ஆனால் இங்கே எழுவாய் இரண்டு, புத்தக வரையறையோடு உரசும். முதல் வாரத்தில் ஓர் எழுவாய் உள்ளவற்றையே கொடுத்துவிட்டு, இதை மேசை மேல் தனியாக எடுத்து வையுங்கள். அடுத்த நாள் வேலைக்கு இதே ஜோடிதான் வேண்டும்.

மூன்றாம் பாடவேளை: புரட்டுதல்

இதற்கு இரண்டு பாடவேளைகூட ஒதுக்கலாம்.

மூடுபனிப் பட்டையைக் கரும்பலகையில் ஒட்டுங்கள். 'இறங்கியது' என்ற சொல் மட்டும் தனித் துண்டாக இருக்க வேண்டும். முன்கூட்டியே பட்டையிலிருந்து வெட்டி, பின்னால் செலோ டேப்பால் லேசாக ஒட்டி வைத்திருங்கள். பக்கத்தில் பேருந்துப் பட்டை. இரண்டும் நீலம்.

இப்போது ஒரு பிள்ளையை அழைத்து 'இறங்கியது' துண்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். அந்த இடத்தில் 'இறங்கியதால்' என்ற மஞ்சள் துண்டை வைக்கச் சொல்லுங்கள். அப்புறம் வகுப்பு முழுக்க 'மூடுபனி இறங்கியதால்' என்று மட்டும் படிக்கட்டும். நிறுத்துங்கள். "அப்புறம்?" என்று எங்கிருந்தாவது ஒரு குரல் வரும். வந்த உடனே 'மூடுபனி' என்ற நீலப் பட்டையைப் புரட்டுங்கள். பின்னால் மஞ்சள், அதிலும் 'மூடுபனி' என்றே எழுதியிருக்க வேண்டும். சொல் ஒன்றுகூட மாறவில்லை, வால் மாறியதும் வாக்கியம் நிறம் மாறிவிட்டது. நான் எத்தனையோ வகுப்பில் செய்துவிட்டேன், அந்தப் புரட்டலில் மட்டும் வகுப்பு ஒரு நொடி அமைதியாகிவிடும்.

மூடுபனி இறங்கியதால் பேருந்து மெதுவாக ஏறியது. மஞ்சள், நீலம், முடிவில் ஒரே முற்றுப்புள்ளி. கலவை வாக்கியம்.

இனி வால்களை மாற்றுங்கள். குழுவுக்கு நான்கு மஞ்சள் வால்: இறங்கியதால், இறங்கியபோது, இறங்கினால், இறங்கியும். முதல் இரண்டும் சிக்கலில்லாமல் உட்காரும். 'இறங்கினால்' வைக்கும்போது மாட்டும். 'மூடுபனி இறங்கினால் பேருந்து மெதுவாக ஏறியது' என்று ஒரு பையன் படித்தான், படித்துவிட்டு அவனே முகத்தைச் சுளித்தான். "ஏறும்னு வரணும் அய்யா." நீலத்தின் வாலையும் மாற்ற வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. 'இறங்கியும்' வைத்தால் 'மெதுவாக' என்பது பொருந்தாது, 'வேகமாக' வேண்டும். அதனால் பேருந்துப் பட்டையிலும் 'மெதுவாக', 'ஏறியது' இரண்டையும் தனித் துண்டாகவே வைத்திருங்கள். 'இறங்கியபோது' வாலுக்கு எங்கள் பிள்ளைகள் சொந்தமாகவே நீலம் எழுதினார்கள்: மூடுபனி இறங்கியபோது பேருந்து 14ஆவது வளைவில் நின்றது. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவு உண்டு, எங்கள் பிள்ளைகளுக்கு ஒவ்வொன்றும் எண்ணோடு மனப்பாடம். உங்கள் ஊரில் அதுபோல எது இருக்கிறதோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். இடைப்பாடி, ஓமலூர் பக்கம் என்றால் தறியையும் மாம்பழத்தையும் வைத்து எழுதலாம்.

'என்று' வகைக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 'நாளை விடுமுறை என்று தலைமையாசிரியர் சொன்னார்.' இங்கே மஞ்சளுக்கு வால் மாறவில்லை, 'நாளை விடுமுறை' தனியாகவே நிற்கும். "அப்புறம்?" சோதனை தோற்றுப்போகும். அதற்கு 'என்று' என்ற சொல்லை மஞ்சள் பட்டையிலேயே சேர்த்து எழுதிவிடுங்கள், வெள்ளை அட்டையில் எழுத வேண்டாம். 'நாளை விடுமுறை என்று' எனப் படித்தால் மறுபடியும் "அப்புறம்?" வந்துவிடும். அப்புறம் 'தலைமையாசிரியர் நாளை விடுமுறை என்று சொன்னார்' என்றும் சொல்லலாம் அல்லவா? அதற்காக ஒரு நீலப் பட்டையை 'தலைமையாசிரியர்' என்ற சொல்லுக்குப் பின்னால் வெட்டி, நடுவே மஞ்சளைச் செருகிக் காட்டுங்கள். மஞ்சள் எப்போதும் முன்னால்தான் வரும் என்ற எண்ணம் அங்கேயே உடையும். பெயரெச்சத்தில் வரும் சார்பு வாக்கியத்தை, 'நான் நட்ட மிளகுக் கொடி காய்த்தது' என்பது போன்றவற்றை, அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுங்கள்.

சண்டை வரும் இடம்

பாட்டியைத் திரும்ப எடுங்கள். 'போனார்' என்பதை எடுத்துவிட்டு 'போய்' வைத்தால், 'பாட்டி சந்தைக்குப் போய் ஆரஞ்சு வாங்கினார்.' புத்திசாலிப் பிள்ளை உடனே பட்டையைப் புரட்டி மஞ்சளாக்கிவிடும். 'போய்' முடியவில்லை, "அப்புறம்?" வருகிறது, ஆகவே கலவை. அது சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பள்ளி இலக்கணத்தில் இதைத் தனி வாக்கியம் என்றே எடுத்துக்கொள்வது வழக்கம். பாட்டி ஒருவர்தான் எழுவாய், 'வாங்கினார்' ஒன்றுதான் பயனிலை, 'போய்' அந்தப் பயனிலையில் முடியும் வினையெச்சம்.

நான் வைத்திருக்கும் வழி: 'போய், எடுத்து, இறங்கி' போன்ற எச்சம் வந்தால் இரண்டு கேள்வி கேட்கச் சொல்வேன். போனது யார்? வாங்கியது யார்? இருவரும் ஒருவரே என்றால் புரட்டாதே, முழுதும் நீலம். 'பேருந்து கிளம்ப, பாட்டி ஓடினார்' என்று வந்தால் கிளம்பியது பேருந்து, ஓடியது பாட்டி, ஆகவே புரட்டு. 'பாட்டிக்குப் பசித்ததால் அவர் சாப்பிட்டார்' போன்ற காரண வால், கால வால், நிபந்தனை வால் வந்தால் ஆள் யாராக இருந்தாலும் மஞ்சள்தான். இதில் எல்லாத் தமிழாசிரியர்களும் ஒத்துப்போக மாட்டார்கள், எனக்கே இரண்டு மனம் இருந்தது உண்டு. தேர்வுக்கு முன்னால் உங்கள் பள்ளியில் தமிழ் எடுப்பவர்கள் உட்கார்ந்து ஒரே முடிவுக்கு வந்துவிடுங்கள். ஏழாம் வகுப்பில் ஒன்று, எட்டாம் வகுப்பில் வேறு என்றால் பாவம் பிள்ளைகள்.

நிறத்தை எடுத்த பிறகு

மூன்று நாளும் அருமையாகப் போகும். நான்காம் நாள் நோட்டில் எழுதச் சொன்னால் ஒரு பகுதி பிள்ளைகள் விழுவார்கள். நிறம் பதில் சொல்லிக்கொண்டிருந்தது, அவர்கள் சொல்லவில்லை. அதைக் கண்டுபிடிக்க அதே வாக்கியங்களை வெள்ளைத் தாளில் கறுப்பு மையால் எழுதிக் கொடுங்கள். நீலப் பென்சிலாலும் மஞ்சள் பென்சிலாலும் அவர்களே கோடு போடட்டும். கூடவே அவர்கள் பார்க்காத வாக்கியம் இரண்டைக் கலந்துவிடுங்கள். பழையது எல்லாம் சரியாக வந்து புதியது மட்டும் தவறினால், பட்டைகளுக்கே இன்னொரு பாடவேளை வேண்டும் என்று அர்த்தம்.

நோட்டில் நான் முதலில் தேடுவது முற்றுப்புள்ளியை. 'மழை பெய்ததால். பள்ளிக்கு வரவில்லை.' என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தது. நடுவில் ஒரு புள்ளி. மஞ்சள் தனியாக நிற்காது என்பது அதன் கைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. அப்படிப்பட்ட பிள்ளையிடம் சிவப்பு மையால் அடிக்காதீர்கள். இரட்டைப் பட்டையைக் கையில் கொடுத்து, மஞ்சள் பக்கத்தை மட்டும் சத்தமாகப் படிக்கச் சொல்லி, பக்கத்தில் இருப்பவனை "அப்புறம்?" என்று கேட்கச் சொல்லுங்கள். இரண்டு நிமிட வேலை.

இன்னொரு தவறு, எண்ணிக்கையை வைத்து முடிவு செய்வது. நீளமான வாக்கியம் என்றால் கலவை, குட்டி வாக்கியம் என்றால் தனி என்று நினைப்பார்கள். 'நேற்று மாலை அடிவாரத்துக் கடையில் என் மாமா எனக்கு ஒரு பெரிய பலாப்பழம் வாங்கித் தந்தார்' என்பது தனி வாக்கியம். 'வந்தால் தருவேன்' என்பது இரண்டே சொல், கலவை. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டிவைத்தால் போதும், விளக்கம் தேவைப்படாது. எழுவாய் எங்கே என்று ஒருவன் கேட்டால் காலிப் பெட்டி வரைந்து காட்டுங்கள். யார் வந்தால்? யார் தருவேன்? இரண்டு பெட்டியிலும் வேறு வேறு ஆள்.

பட்டைகளை எடுத்து வைக்கும்போது குழுவாரியாகக் கட்டுங்கள், வால்களைத் தனி உறையில் போடுங்கள். வால் ஒன்று தொலைந்தால் அந்தப் பட்டையே வீண். மலையில் தகர பிஸ்கட் டப்பா வேண்டும், அட்டைப் பெட்டி என்றால் பூஞ்சணம் பிடித்துவிடும். சேலத்தில் கீழே ரப்பர் பேண்டு போடாதீர்கள், கோடை விடுமுறை முடிந்து திறந்து பார்த்தால் வெயிலில் இளகி மஞ்சள் பட்டையில் ஒட்டிக்கொண்டிருக்கும். கட்டுவதற்கு நூல் கயிறு போதும்.